நனைந்தது யார்?



ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கிய நாளிலிருந்து, இரவு படுக்கப் போகுமுன் அந்த மொழியில் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் மூன்றே வரி எழுதினேன். பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். மகளை அழைத்து வந்தேன். மழையில் நனைந்துவிட்டாள். என் ஜப்பானிய ஆசிரியை மூன்று வரிக்கும் வட்டம் போட்டார். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம்தான். ஓரத்தில், "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சளி பிடிக்கப் போகிறது" என்று எனக்கு எழுதியிருந்தார்.

அவரைப் பொறுத்தவரை நனைந்தது நான். தமிழில் 'நனைந்துவிட்டாள்' என்றால் போதும், யார் என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடும். அதனால் நாம் எழுவாயைத் தாராளமாக விட்டுவிடுகிறோம். ஜப்பானியரும் எழுவாயை விடுவார்கள். ஆனால் அவர்களுடைய வினையில் ஆள் காட்டும் விகுதி கிடையாது. 'நுரெமாஷிதா' என்றால் நனைந்தேன், நனைந்தாள், நனைந்தார்கள் எல்லாம்தான். முதல் இரண்டு வரியிலும் நான் இருந்ததால் மூன்றாவதும் நானே என்று அவர் படித்தார். 'முசுமெ வா' (மகள்) என்று ஒரு சொல் முன்னால் சேர்த்திருந்தால் குழப்பமே இல்லை.

இலக்கணப்படி அந்த வரியில் குறை ஏதும் இல்லை. எத்தனை கவனமாகத் திருத்துபவரும் அதில் கைவைக்க முடியாது. எனவே அன்றுமுதல் திருத்தக் கொடுக்கும் ஒவ்வொரு பதிவின் பின்பக்கத்திலும் நான் சொல்ல நினைத்ததைத் தமிழில் எழுதி வைக்கிறேன். ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. அதனால், "இதைப் படித்து உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று அவரையே சொல்லச் சொல்லி, அதை என் தமிழ் வரியோடு ஒப்பிடுகிறேன். எங்கே இரண்டும் பிரிகிறதோ அங்கேதான் அந்த வாரத்துப் பாடம்.

எல்லா நாள் பதிவையும் நான் திருத்தக் கொடுப்பதில்லை. தினமும் பத்து நிமிடம், அகராதியைத் திறக்காமல் எழுதுகிறேன். சொல் கிடைக்காத இடத்தில் தமிழ்ச் சொல்லையே போட்டுவிட்டு மேலே போகிறேன். இது கை ஓடுவதற்கான பயிற்சி. பிழைக்குப் பயந்தால் தெரிந்த நாலு வாக்கியத்தையே தினமும் எழுதிக்கொண்டிருப்போம். எத்தனை வரி வந்தது என்று மட்டும் மூலையில் குறிக்கிறேன்.

வாரத்தில் ஒரு பதிவு, ஆறேழு வரி, ஆசிரியைக்குப் போகும். முன்பு ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்து, சிவப்பாகத் திரும்பி வந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு மூடி வைத்தேன். அதில் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வியோடு கொடுக்கிறேன். என்னைப் பல வாரம் அலைக்கழித்தது 'நி', 'தெ' என்ற இரண்டு உருபுகள். 'வீட்டில் இருந்தேன்', 'வீட்டில் காபி குடித்தேன்' இரண்டிலும் நமக்கு ஒரே 'இல்'. ஜப்பானியத்தில் ஒன்று இருக்கும் இடத்துக்கு 'நி', ஒரு செயல் நடக்கும் இடத்துக்கு 'தெ': 'உச்சி நி இமாஷிதா', 'உச்சி தெ கோஹீ ஒ நோமிமாஷிதா'. "இந்த இரண்டை மட்டும் பாருங்கள். அடிக்கோடு போதும், நானே திருத்துகிறேன்" என்றேன். நானாகத் திருத்தியவை தங்கின.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: இது பிழையா, அல்லது பிழையில்லை, ஆனால் யாரும் இப்படிச் சொல்லமாட்டார்களா? இரண்டாவதற்கு என் ஆசிரியை முக்கோணம் போடுகிறார். குறிகளின் பொருளையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நாம் 'சரி' என்று போடும் அதே டிக் குறியை ஜப்பானில் தவறான விடைக்குப் போடுவார்கள். அது தெரியாமல், நாலு டிக் வாங்கிய பக்கத்தைப் பெருமையாக வீட்டில் காட்டியிருக்கிறேன்.

திருத்தம் வந்து ஒரு வாரம் கழித்து, பின்பக்கத்துத் தமிழை மட்டும் பார்த்து அதே பதிவை மறுபடி எழுதுகிறேன். அங்கே சரியாக வந்து, தினசரிப் பதிவில் பழைய பிழை தலைகாட்டினால் அது இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள். அடுத்த வாரமும் அதே கேள்விதான். 'தெ' இயல்பாக விழ எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

நீங்கள் எந்த மொழியில் எழுதிப் பழகினாலும், நினைத்த வரி ஒன்றும் படித்தவர் புரிந்துகொண்டது ஒன்றுமாக ஒரு சோடியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றை அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்