‘பிளாக்’ செய்யும் முன்: ஆபாச மெசேஜ் புகாருக்கு என்ன தேவை?

ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அதே ஷிஃப்டில் இருக்கும் ஓர் ஆண் இரவில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்புகிறார். முதலில் ‘சாப்பிட்டாச்சா?’, பிறகு ஆபாசம், பிறகு மிரட்டல். ‘இனி எனக்கு மெசேஜ் பண்ணாதீங்க’ என்று அந்தப் பெண் பதில் போட்டும் நிற்கவில்லை. வெறுத்துப் போய் மொத்த உரையாடலையும் அழித்துவிட்டு, இருப்பதிலேயே மோசமான நாலு ஸ்கிரீன்ஷாட்டுடன் காவல் நிலையம் போகிறார்.

புகார் பலவீனமாவது இங்கேதான்.

நாலு ஸ்கிரீன்ஷாட் ஏன் போதாது?

மனம் புண்படும்படி மெசேஜ் அனுப்பினாலே குற்றம் என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது. எனவே, அந்த மெசேஜ் எந்தக் குற்றத்துக்குள் வருகிறது என்பதைப் புகார் காட்ட வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்குகிறது. ஆனால், அந்தப் பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஆண் மீண்டும் மீண்டும் தொடர்புகொண்டிருக்க வேண்டும். அதாவது, ‘மெசேஜ் பண்ணாதீங்க’ என்ற அவருடைய பதிலும், அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களின் தேதியும் நேரமும்தான் வழக்கின் உயிர். அவற்றை அழித்தால் ஆதாரமே போச்சு. தன் பக்கத்துப் பதில்களை மட்டும் நீக்கினாலும், எதிர்த்தரப்பு அந்த இடைவெளியைத்தான் முதலில் சுட்டிக்காட்டும்.

உரையாடலை முழுசாக எடுப்பது எப்படி?

முதலில், தானாக மறையும் `Disappearing messages` வசதி ஆன் ஆகியிருந்தால் நிறுத்த வேண்டும். அடுத்து, அனுப்பியவரின் தொடர்பு விவரப் பக்கத்தை, எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். ‘லைன் சூப்பர்வைசர்’ என்று சேமித்திருந்தால், ஏற்றுமதியாகும் கோப்பில் அந்தப் பெயர்தான் வரும், எண் வராது.

பிறகு `Export chat` மூலம் உரையாடலை எடுக்கலாம். தேதி, நேர வரிசையில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வரும். ஆடியோ, படங்களும் இருந்தால் `Include media` கொடுக்க வேண்டும். நீளமான உரையாடல் என்றால் பழைய பகுதி விடுபடலாம். கோப்பின் முதல் தேதியை போனில் உள்ள முதல் மெசேஜோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். விடுபட்ட பகுதியை மேலிருந்து கீழாக ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி மெசேஜ் தெரிந்தால், நடுவில் எதுவும் விடுபடவில்லை என்று காட்ட முடியும்.

அவர் அழித்த மெசேஜின் இடத்தில் ‘நீக்கப்பட்டது’ என்ற வரி நேரத்துடன் நிற்கும். அதையும் விட்டுவைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு பிளாக் செய்யலாம். பிளாக் செய்வதால் பழைய மெசேஜ் அழியாது, ஆனால் கூடவே உரையாடலை நீக்கும் தெரிவைத் தொட்டுவிடக் கூடாது.

நீதிமன்றம் எதை ஏற்கும்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய வழக்கு உண்டு. 2004-ல், ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியதாக வந்த புகார், ‘சுஹாஸ் கட்டி வழக்கு’ என்று அறியப்படுகிறது. இணையத்தில் இருந்த பதிவுகளை நிபுணர் சான்றிதழுடன் தாக்கல் செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தண்டனை விதித்தது.

இன்று அந்தச் சான்றிதழ் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவில் இருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றைச் சான்றைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண் போன்றவை அதில் கேட்கப்படும். டெக்ஸ்ட் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்த முடியும் என்பதால், அது மூலமாகாது. மூலம் போன்தான். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது.

புகாரில் என்ன எழுதுவது? எங்கே கொடுப்பது?

அனுப்பியவரின் எண், தெரிந்தால் பெயர், தொடங்கிய நாள், ‘வேண்டாம்’ என்று சொன்ன தேதி, நேரம், அதன் பிறகு வந்தவை ஆகியவற்றை வரிசையாக எழுத வேண்டும். மிரட்டலையும் ஆபாசத்தையும் நாகரிகம் கருதிச் சுருக்காமல், வந்த வார்த்தையிலேயே எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த இணைப்பு என்று எண் போட்டால், விசாரிப்பவர் தேட வேண்டியதில்லை.

‘ஆள் கர்நாடகாவில் இருக்கார், அங்க போய்க் கொடுங்க’ என்று ஓசூரில் திருப்பி அனுப்பினால்? போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்றால், எல்லையைக் காரணம் காட்டித் தகவலை மறுக்க முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்றலாம். ஆன்லைனில் தகவல் கொடுத்தால், 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.