காதுக்குள் மூணு பேர்

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் சிநேகிதன் சிங்கப்பூரிலிருந்து, "அப்பாவுக்கு பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்கடா" என்றான்.

நான், "சூப்பர்டா மாப்ளே! பைபாஸ்லயே போயிடலாம்" என்றேன்.

உடனே என்னை ராட்சசன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாங்க்கைக் கொள்ளையடித்துவிட்டு எந்த ரோடு வழியாகத் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அதுவும் போதாதென்று என் காதில் ஒரு பாட்டு சரணத்தில் இருந்தது. அவன் சொன்னதில் 'பைபாஸ்' என்ற ஒரே வார்த்தைதான் தப்பிப் பிழைத்து என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அரை நிமிஷம் கழித்து, 'வெளியேறிவிட்டார்' என்று டி.வி. திரையில் எழுத்து வந்தது.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். நாங்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அஞ்சு வருஷம் ரூம்மேட்டுகள். அவன் சிங்கப்பூர் போய்விட்டான். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு (அவனுக்கு பன்னிரண்டரை) பிளேஸ்டேஷன் 5-ஐப் போட்டு, ஜி.டி.ஏ. ஆன்லைனில் சந்திப்பது வழக்கம். போனில் 'எப்படி இருக்கே', 'நல்லா இருக்கேன்' என்பதோடு ஆம்பிளைகளின் பேச்சு தீர்ந்துவிடும். சேர்ந்து திருடும்போதுதான் மனசு விட்டுப் பேசுகிறோம். என் மனைவிக்கு இது இன்னும் புரியவில்லை.

எங்களுக்குப் பிடித்தது ஃப்ளீக்கா பாங்க் கொள்ளை. இரண்டே பேர் ஆடுவது. ஒருவன் உள்ளே லாக்கரை டிரில் போட வேண்டும். அழுத்தி ஓட்டினால் டிரில் சூடாகிவிடும். இன்னொருவன் வெளியே கைகளைத் தூக்கி நிற்கும் ஜனங்களை மிரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிரட்டல் குறைந்தால் யாராவது அலாரத்தை அமுக்கிவிடுவார்கள். பிறகு குண்டு துளைக்காத காரில் கடலோர ரோட்டில் ஓட்டம். பேசிக்கொள்ளாமல் இதைச் செய்யவே முடியாது.

இதற்கு நடுவே பாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். பத்து தடவை அடித்த பாங்க்கைப் பதினோராவது தடவை அடிக்கும்போது போரடிக்கும், சார். கன்ஸோலிலேயே ஸ்பாட்டிஃபை இருக்கிறது. 2015-ல் பிளேஸ்டேஷனுக்கும் 2017-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்தது. ஒரு தடவை கணக்கை இணைத்துவிட்டால் போதும். ஆட்டத்தின் நடுவே பி.எஸ். பட்டனை அமுக்கினால் திரையின் அடியில் ஒரு வரிசைப் படங்கள் வரும். அதில் இசைக்கான படத்தைத் தட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பலாம், பாட்டு பின்னால் ஓடும். பாட்டை மாற்ற ஆட்டத்தை நிறுத்தக்கூட வேண்டாம். செல்போனில் அதே ஸ்பாட்டிஃபையைத் திறந்தால் அது ரிமோட்டாகிவிடுகிறது.

ஆக, பாட்டு, துப்பாக்கி, நண்பன் என்று காதுக்குள் மூன்று பேர். நான் செய்த முட்டாள்தனம், நண்பன் சரியாகக் கேட்கவில்லை என்றால் மொத்த வால்யூமை ஏற்றியது. மூணு பேரும் சேர்ந்து ஏறினார்கள். காது வலித்தது, அவன் அதே இடத்தில்தான் இருந்தான். ஒருவன் இன்னொருவனைவிட எவ்வளவு தூக்கலாக இருக்கிறான் என்பதுதான் கணக்கு. மொத்தம் எவ்வளவு என்பது இல்லை.

மறுநாள் போன் செய்து காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லடா" என்றான். அந்த 'பரவால்லடா'வை நான் அறிவேன். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும்தான். அந்த இரண்டு வாரத்தில்தான் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் படித்தேன்.

1953-ல் காலின் செரி என்பவர் இதையே ஆராய்ந்திருக்கிறார். பார்ட்டியில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசும்போது ஒருத்தர் பேச்சை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்பது அவர் கேள்வி. ஒவ்வொரு காதிலும் ஒரு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னால் சுலபமாகச் சொல்கிறார்கள்; ஒதுக்கிய காதில் என்ன பேசினார்கள் என்றால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். இரண்டு பேச்சையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தாலோ ரொம்பத் திண்டாட்டம். மேன்ஷன் வராந்தாவில் பாட்டு ஒரு பக்கத்திலிருந்து வரும், அவன் குரல் எதிரிலிருந்து வரும், காது பிரித்துக்கொள்ளும். ஹெட்செட்டில் பாடகரும் நண்பனும் தலைக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமை, குரலுக்குப் பெரிய எதிரி குரல்தான். துப்பாக்கிச் சத்தம் வந்துவிட்டுப் போய்விடும். பாடகர் போகமாட்டார். அதுவும் நமக்குப் புரிகிற பாஷையில் பாடினால் கேட்காமல் இருக்க முயன்றாலும் மனசு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நண்பனும் தமிழ், பாட்டும் தமிழ் என்றால் கேட்கவே வேண்டாம். (இலவசக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு நடுவில் விளம்பரம் வரும். அது சுத்தமான பேச்சு!)

மூன்றாவது வாரம் வந்தான். அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது என்றான். "இன்னிக்குக் கொள்ளை வேண்டாம். முதல்ல காதைச் சரி பண்றேன், கூட இரு" என்றேன்.

வரிசைதான் முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் எப்போதும் பாட்டில் ஆரம்பித்து, மிச்சத்தை அதன் மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் பாட்டும் இல்லை, ஆட்டமும் இல்லை. அவன் மட்டும் சாதாரணமாகப் பேசினான். அது காதுக்கு இதமாக இருக்கிற அளவில் ஹெட்செட் வால்யூமை நிறுத்தினேன். அதோடு அந்த வால்யூமைத் தொடக்கூடாது.

அடுத்தது ஆட்டம். ஆட்டத்தின் அமைப்புகளில் ஒலி என்ற பகுதிக்குப் போனால் சத்தங்களுக்குத் தனியாக, இசைக்குத் தனியாக அளவு இருக்கிறது. இசையைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தேன். இதைப் பலர் செய்வதில்லை. ஆட்டத்தின் சொந்த இசை ஒரு பக்கம், நம் பாட்டு ஒரு பக்கம் என்று இரண்டு கச்சேரி நடக்கும். காரில் ஏறினால் அதன் ரேடியோ வேறு மூன்றாவது கச்சேரி. அதையும் அணைக்க வேண்டும். பிறகு நடுரோட்டில் நாலு போலீஸ்காரர்களைச் சுட்டு வம்பை விலைக்கு வாங்கினேன். அந்தக் களேபரத்தில் அவனைப் பேசச் சொல்லி, பி.எஸ். பட்டனை அமுக்கி ஒலிக்கான படத்தில், ஆட்டத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் இருக்கும் தராசை பேச்சுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். அவன் கத்தாமலேயே கேட்கிற இடத்தில் நிறுத்தினேன்.

கடைசியில்தான் பாட்டு. இசைக்கு உள்ள வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றினேன். எங்கே நிறுத்துவது? நம் காதை நம்பக்கூடாது. தெரிந்த பாட்டு என்றால் ஆசை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் ஒரு பரீட்சை வைத்தோம். அவன் மனசுக்குத் தோன்றிய நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியது, நான் சுட்டுக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டியது. எட்டும் பத்தும்தான் வில்லன்கள். பாட்டு தூக்கலாக இருந்தால் 'ட்டு', 'த்து' இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பாடல் ஓடியபோது பத்துக்கு ஏழு. அதே அளவில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். 1986-ல் வந்த ஆல்பம், வயலின்களாக வார்த்தையே இல்லாமல் போகும். பத்துக்குப் பத்து! வார்த்தையுள்ள பாட்டில் பத்துக்குப் பத்து வாங்க, வால்யூமைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டியிருந்தது. அந்த அளவில் பாட்டு ஓடுகிறதா என்பதே சந்தேகம். அன்றிலிருந்து ஆள் இருந்தால் வாத்திய இசை, தனியாக ஆடினால் பாட்டு என்று வைத்துக்கொண்டேன்.

பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் ஒரே பட்டியலில் கலந்து வைத்திருந்தேன். பழையது அடக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். அடுத்து புதுசு ஒன்று வந்து மண்டையில் அடிக்கும். பரீட்சையைப் பட்டியலில் இருப்பதிலேயே சத்தமான பாட்டில் வைக்க வேண்டும்.

அன்றைக்கு அவனும் ஒரு புகார் சொன்னான். "உன் பாட்டு எனக்கும் கேக்குதுடா, அதுவும் கிணத்துக்குள்ளேர்ந்து கேக்கற மாதிரி." இத்தனைக்கும் என் கன்ஸோலில் ஓடும் பாட்டு அவனுக்குப் போகாது. விசாரித்ததில் கள்ளன் அகப்பட்டான். பழைய நாட்களில் நான் ஹெட்செட் போடாமல் டி.வி.யில் பாட்டை வைத்திருக்கிறேன். கன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு மைக் இருக்கிறது, டி.வி. சத்தத்தையும் அவன் குரலையும் பிடித்து அவனுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. பி.எஸ். பட்டனுக்குக் கீழே ஒரு சின்ன பட்டன் உண்டு, அதை அமுக்கினால் ஆரஞ்சு வெளிச்சம் வந்து மைக் ஊமையாகும். ஹெட்செட்டை கன்ட்ரோலரில் செருகினால் மைக் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும், இந்தத் தொல்லையே இல்லை.

ஹெட்செட்டுக்கு எல்லா ஒலியும் வேண்டுமா, பேச்சு மட்டும் போதுமா என்று அமைப்புகளில் கேட்கிறது. பேச்சு மட்டும் என்று வைத்தால் அவன் காதில், மற்றதெல்லாம் டி.வி.யில். மேன்ஷன் வராந்தா திரும்பக் கிடைத்தது! ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் டி.வி.யில் துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும் என்பதைக் கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டி.வி.யை ரொம்பக் குறைத்து வைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர், "எங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை" என்றார். அதில் யாராவது பேச ஆரம்பித்தால் மற்ற சத்தத்தை 50 சதவீதமோ 80 சதவீதமோ தானாக இறக்கச் சொல்லலாம், எஃப்.எம்.மில் அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாட்டு பதுங்குமே, அந்த மாதிரி. நல்ல வசதிதான். ஆனால் வாயாடி ஒருத்தன் கூட்டத்தில் இருந்தால் பாட்டோடு சேர்ந்து எதிரியின் காலடிச் சத்தமும் பதுங்கிவிடும் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

போன சனிக்கிழமை மறுபடி ஃப்ளீக்கா. நான் உள்ளே டிரில் போட்டுக்கொண்டிருந்தேன். வயலின்கள் எங்கோ தூரத்தில். அவன் வெளியே ஜனங்களை மிரட்டிக்கொண்டிருந்தான். ஒரு வெடிச்சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"அப்பாவை இன்னிக்கு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கடா."

டிரில்லை அப்படியே விட்டுவிட்டு, "வீட்டுக்கு வந்துட்டாரா? சாப்பிட்டாரா? யாரு கூட இருக்கா?" என்றேன்.

ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். அம்மாவின் அழுகை, மாமாவின் பிடிவாதம், ஆஸ்பத்திரி பில் எல்லாம் வந்தது. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அலாரத்தை அமுக்கிவிட்டார்.