ஆயிரம் பெயர் எதற்கு?

எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்கு விஷ்ணு சகஸ்ரநாமம் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னது என் மனைவி. நான் ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். காதில் விழும், அவ்வளவுதான். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதல் சில மாதம் அந்த ஆறு மணியைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. எம்.எஸ். அம்மா பாடியதை ரேடியோ மாதிரி ஓட விட்டுப் பார்த்தேன். சுமார் அரை மணி நேரம் நன்றாகப் போகும், முடிந்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிடும். ஒரு நாள் அவளுடைய புத்தகத்தை எடுத்து நானே சொல்ல உட்கார்ந்தேன். எழுபத்தொரு வயதில்.

"இத்தனை பெயரை அடுக்கி என்ன பிரயோஜனம், ஒரு தடவை மனசார கூப்பிட்டால் போதாதா?" என்று நானே அவளிடம் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் இன்றும் உண்டு. வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமம், முருகனுக்கு 108 போற்றி, அர்ச்சனையில் அஷ்டோத்தரம் என்று நம் வீடுகளில் பெயர்ப் பட்டியலுக்குக் குறைவே இல்லை. எனக்கு இப்போது தோன்றும் பதிலைச் சொல்கிறேன். விஷ்ணு சகஸ்ரநாமத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது அதுதான்.

இது மகாபாரதத்தில் அநுசாசன பர்வத்தில் வருகிறது. யுத்தம் முடிந்துவிட்டது. தர்மர் ஜெயித்துவிட்டார், ஆனால் மனசு சரியில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரையும் கொன்று கிடைத்த ராஜ்ஜியம். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் போய் ஆறு கேள்வி கேட்கிறார். உலகத்தில் ஒரே தெய்வம் எது, எல்லோருக்கும் புகல் எது, யாரைத் துதித்து, யாரை அர்ச்சித்து மனிதர்கள் நன்மை அடையலாம், எல்லா தர்மத்திலும் உயர்ந்தது எது, எதை ஜபித்தால் பிறவிக் கட்டிலிருந்து விடுபடலாம் என்று. ஆயிரம் பெயரால் துதிப்பதுதான் தர்மங்களில் மேலானது என்பது கிழவரின் பதில். யாகம் பண்ணு என்று சொல்லவில்லை, தானம் கொடு என்றுகூடச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற ஒருவனுக்கு, எழுந்திருக்கவே முடியாத ஒருவர் சொன்ன வழி இது. வாய் ஒன்று போதும். முடிவில் வரும் பலச்ருதியில் சொல்பவருக்கு மட்டுமல்ல, கேட்பவருக்கும் பலன் உண்டு என்று இருக்கிறது. பேப்பர் படித்துக்கொண்டே கேட்டவனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

சரி, ஏன் ஆயிரம்? அவள் புத்தகத்தில் அங்கங்கே பென்சில் கோடு இருந்தது. பெரும்பாலும் குழந்தைகள் பரீட்சை, பெண்ணின் கல்யாணம் என்று ஓரத்தில் தேதி குறித்திருப்பாள். அறுபத்திரண்டாவது சுலோகத்தில் இரண்டு பெயர்களின் கீழே கோடு அழுத்தமாக விழுந்திருந்தது. பேஷஜம், பிஷக். மருந்து, மருத்துவன். பக்கத்தில் இருந்தது எனக்கு பைபாஸ் ஆன மாதமும் வருஷமும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் முழுவதையும் சொன்னாளா, இந்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாளா, கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டியல் ஏன் நீளமாக இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒவ்வொரு பெயரும் ஒரு குணத்தையோ செயலையோ சொல்கிறது. எந்த வீட்டுக்கு என்றைக்கு எந்தப் பெயர் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் தினமும் சொல்லி வைக்கிறோம். விஷ்ணு என்ற பெயரே இதில் மூன்று இடத்தில் வருகிறது. ஆதிசங்கரரும் சரி, ஸ்ரீரங்கத்துப் பராசர பட்டரும் சரி, இப்படித் திரும்ப வரும் பெயர்களைக் கூறியது கூறல் என்று தள்ளவில்லை, அந்தந்த இடத்துக்கு ஏற்பப் பொருள் சொல்லியிருக்கிறார்கள்.

இனி ஆரம்பிக்கிறவர்களுக்கு, என் கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து சில விஷயங்கள்.

நான் செய்த முதல் தப்பு, புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. முன்னால் பூர்வ பாகம் இருக்கிறது. தர்மர் கேள்வி, பீஷ்மர் பதில், தியான சுலோகங்கள் எல்லாம் அதில். பின்னால் பலச்ருதி. நடுவில்தான் பெயர்கள், 107 சுலோகம் (சில பதிப்பில் 108). பூர்வ பாகத்திலேயே மூன்று வாரம் மூச்சுத் திணறி நின்றுவிட்டேன். வயதான காலத்தில் புதிதாகக் கற்பவர்கள் நேராகப் பெயர்களுக்குப் போய்விடலாம் என்பது என் அபிப்பிராயம். முன்னும் பின்னும் உள்ளதை இப்போதைக்குக் கேட்டால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் யாராவது ஆட்சேபித்தால் பழியை என் மேல் போடுங்கள்.

இரண்டாவது, புத்தகம். தமிழில் ஒரே க-வை வைத்து நான்கு விதமான ஒலியை எழுதுகிறோம். குரு என்று எழுதினால் ஆசிரியர் என்றும் படிக்கலாம், சமஸ்கிருதத்தில் 'செய்' என்று அர்த்தம் வரும்படியும் படிக்கலாம். பலம் என்பது வலிமையா பழமா? எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சின்ன எண் போட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய எழுத்தாக இருக்கட்டும். அந்த எண்களை ஒரு நாள் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு தடையில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். இது பாட்டு மாதிரி அல்ல, கணக்கு மாதிரி. ஒரு சுலோகத்துக்கு நான்கு பாதம், பாதத்துக்கு எட்டு எழுத்து. மெய்யெழுத்தைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். முதல் சுலோகத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பாதத்தில் விச்வம், விஷ்ணு, வஷட்காரன் என மூன்று பெயர். இரண்டாம் பாதம் முழுவதும் ஒரே பெயர்தான்: நேற்று, இன்று, நாளை மூன்றுக்கும் தலைவன் என்று பொருள். மூன்றாவதில் மூன்று, நாலாவதில் இரண்டு. ஆக ஒன்பது பெயர். இரண்டாம் பாதத்தை நான் நான்கு துண்டாக வெட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன், நான்கு பேரைக் கூப்பிடுவது போல. எங்கே ஒரு பெயர் முடிகிறது என்று தெரிய ஒரு சுலபமான வழி, பக்கத்தில் நாமாவளியை வைத்துக்கொள்வது. அர்ச்சனைக்கு உள்ள அதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து 'நம:' என்று முடியும். சுலோகத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை அங்கே விலகி நிற்கும்.

அதே சுலோகத்தில் பூத என்ற சொல் பல பெயர்களில் வருகிறது. என் பேரன் கேட்டுவிட்டு, "தாத்தா, பெருமாள் பூதமா?" என்றான். இங்கே உயிர்கள் என்று அர்த்தம். பூதக்ருத் என்றால் உயிர்களை உண்டாக்குபவன், அடுத்தே வரும் பூதப்ருத் என்றால் தாங்குபவன். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும். படைத்தலும் காத்தலும் ஒன்றாகிவிடும் என்று நினைத்தால் நாக்கு தானே நிதானப்படும்.

ஒரு நாளைக்கு இரண்டு சுலோகம். முதலில் ஒலிப்பதிவில் அந்த இரண்டை மட்டும் மூன்று தரம் கேட்க வேண்டும், அப்புறம் புத்தகம் பார்த்துச் சொல்லி, அப்புறம் மூடி வைத்துச் சொல்ல வேண்டும். சனி ஞாயிறு புதிதாக ஒன்றும் வேண்டாம், அந்த வாரத்துப் பத்தையும் பழையதோடு சேர்த்துச் சொன்னால் போதும். பதினோரு வாரத்தில் முடியும். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று, அது வேறு கதை. கூடவே பாடுவதை மட்டும் நம்பாதீர்கள். கேசட் ஓடும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பாதியில் நிறுத்திப் பார்த்தால்தான் நமக்கு எவ்வளவு வருகிறது என்பது தெரியும்.

பார்க்காமல் சொல்ல ஆரம்பித்ததும் வேறொரு வம்பு வந்தது. ஒரு நாள் வழக்கமாக இருபது நிமிஷம் ஆவது பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நாக்கு பழகிவிட்டது என்று ஒரே பெருமை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கோவிந்தன் வரவே இல்லையே என்று சந்தேகம் தட்டி, புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அநிர்தேச்யவபு என்று ஒரு பெயர், இன்னதென்று சுட்டிக்காட்ட முடியாத உருவம் உடையவன். அது பத்தொன்பதாவது சுலோகத்திலும் வருகிறது, எழுபதாவதிலும் வருகிறது. இரண்டிலும் ஒரே இடத்தில், இரண்டாவது அடியின் தொடக்கத்தில். நான் பத்தொன்பதிலிருந்து எழுபதுக்குத் தாவி, நடுவிலுள்ள ஐம்பது சுலோகத்தையும் விட்டிருக்கிறேன்! அந்த மருந்தும் மருத்துவனும் அதற்குள்தான் இருக்கிறார்கள். முதல் தடவை இந்தப் பெயருக்குப் பின்னால் ஸ்ரீமான், இரண்டாம் தடவை விஷ்ணு. இந்த அடையாளத்தைப் பென்சிலால் எழுதிவைத்த பிறகு தடம் மாறவில்லை. உங்களுக்கும் சொல்லிக்கொண்டே போகும்போது சீக்கிரம் முடிந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், இந்த இடத்தைப் பாருங்கள்.

நேரமில்லாதவர்களுக்குக் குறுக்கு வழி கிடையாதா என்றால், அதுவும் உள்ளேயே இருக்கிறது. பின்பகுதியில் பார்வதி சுலபமான வழி எது என்று கேட்க, ராம நாமம் ஆயிரத்துக்குச் சமம் என்று பரமசிவன் சொல்கிறார். வேலையில் இருந்த காலத்தில் இதை என் மனைவியிடம் அடிக்கடி எடுத்துவிடுவேன். "அது சரின்னா, அந்த ஒண்ணையாவது சொன்னேளா?" என்பாள். பதில் இருக்காது.

இப்போது ஆறு மணிக்கு நான் சொல்கிறேன். அவள் ராகமாகச் சொல்வாள், எனக்குக் குரல் கட்டை, வாசிப்பது போலத்தான் வரும். எண்பதைத் தாண்டினால் இன்னும் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறுபத்திரண்டாவது வரும்போது பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறேன்.