பட்டியல் வேண்டாம், மடல் சேர்ந்தால் போதும்

தொழில் மாநாடு ஒன்றிற்குப் பதிவுக் கட்டணம் செலுத்தியதும் சிறு தொழில் முனைவோர் பலர் அமைப்பாளரிடம் முதலில் கேட்பது, வருவோர் பட்டியலைத்தான். அந்தக் கேள்வியே தவறானது என்பது எங்கள் கருத்து. கேட்க வேண்டியது வேறு. அதனைச் சரியாகக் கேட்டால் பெரும்பாலான அமைப்பாளர்கள் உதவவே விரும்புகின்றனர்.

குஜராத்தின் மஹுவா நகரம் வெங்காயத்தை உலர்த்திப் பதப்படுத்தும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள சிறு ஆலை உரிமையாளர் ஒருவர், புதுதில்லியில் நடைபெறும் இரண்டு நாள் உணவு பதப்படுத்துதல் மாநாட்டிற்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வேண்டியவர்கள் முந்நூறு பேர் அல்லர். மசாலா நிறுவனங்களிலும் உடனடி சூப் தயாரிக்கும் நிறுவனங்களிலும் கொள்முதலைக் கவனிக்கும் நான்கைந்து பேர் போதும். அவர்களைச் சந்திக்காமல் திரும்பினால் ரயில் கட்டணமும் விடுதி வாடகையும் வீண்தான்.

பேச்சாளர்களின் பெயர்கள் நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிடப்படுகின்றன. அவர்களைப் பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் பார்வையாளராகப் பதிவு செய்தவர் தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் தந்தது நுழைவுச் சீட்டுக்காக. விற்பனையாளர்கள் அழைப்பதற்காக அன்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே கூறுகிறது. குறிப்பிட்ட நோக்கத்திற்காக, விவரம் அறிந்து, தெளிவான செயலின் மூலம் ஒருவர் அளிப்பதுதான் ஒப்புதல். பதிவுப் படிவத்தில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும் கட்டம் அத்தகைய ஒப்புதல் ஆகாது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அது ஒருபுறம் இருக்க, நம் எண்ணை நம்மைக் கேளாமல் யாரேனும் கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆகவே மஹுவாக்காரர் கேட்க வேண்டியது முகவரியை அன்று; தம் மடலைச் சேர்ப்பிக்கும் உதவியை. மாநாட்டிற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே அவர் எழுதுவது நலம். கடைசி வாரத்தில் அமைப்பாளரின் அலுவலகத்தில் எவருக்கும் கடிதம் படிக்க நேரமிராது. அவர் இவ்வாறு எழுதலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், நான் பதிவு செய்துள்ள பங்கேற்பாளர். மசாலா அல்லது சூப் நிறுவனங்களில் கொள்முதலைக் கவனிப்போர் எவரேனும் பதிவு செய்திருப்பின், இணைத்துள்ள சிறு மடலை அவர்களுக்கு ஒருமுறை அனுப்பி உதவ வேண்டுகிறேன். அவர்களுடைய பெயரோ எண்ணோ எனக்கு வேண்டியதில்லை. எவரும் பதிவு செய்யாவிடினும், தங்கள் நெறிமுறை இதற்கு இடம் தராவிடினும், காரணம் கூறத் தேவையில்லை.”

இறுதி வாக்கியத்தைக் கவனியுங்கள். “இன்னார் வருகிறாரா?” என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்வதே ஒருவருடைய செய்தியை வெளியிடுவதாகும். அந்தச் சங்கடத்தை இவ்வாக்கியம் அமைப்பாளருக்குத் தவிர்த்துவிடுகிறது. குறிப்பிட்ட ஒருவரையே சந்திக்க விரும்பினாலும் இதே முறை பொருந்தும்.

இணைப்பு மடல் பத்து வரிகளுக்கு மேற்படக் கூடாது. ஆலை எங்குள்ளது, மாதம் எத்தனை டன் தர முடியும், எந்த வகைத் துண்டு அல்லது தூள், எந்தத் தரச் சான்று உண்டு என்பன முதலில் வரட்டும். பின்னர், முதல் நாள் தேநீர் இடைவேளையில் பதிவு மேசையருகே பதினைந்து நிமிடம் என்று, பலர் நடமாடும் பொது இடத்தையே குறிப்பிடுதல் வேண்டும். விடுதி அறைக்கு அழைப்பது முறையன்று. விருப்பமுள்ளவர் நேரடியாகப் பதில் எழுதுவார். பதில் வராவிடில் அதுவே பதில்; அமைப்பாளர் வழியாக நினைவூட்டல் அனுப்பினால் அடுத்த ஆண்டு அவர் உதவ மாட்டார்.

சில மாநாடுகளுக்கெனத் தனிச் செயலி உண்டு. அதில் சந்திப்புக்கு இசைந்தோர் மட்டுமே தென்படும்படி அமைத்திருந்தால், இந்தக் கடிதப் போக்குவரத்தே தேவைப்படாது. தென்படுவோர் தாமே இசைந்தனரா, அல்லது பதிவு செய்த அனைவரும் தானாகச் சேர்க்கப்பட்டனரா என்பதைத் தம் பதிவைக் கொண்டே அவர் அறியலாம். அவரிடம் எதுவும் கேளாமல் அவர் பெயரும் அங்கே இருக்குமாயின், பிறர் பெயர்களும் அவ்வாறே வந்திருக்கும்.

இனி, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாநாடு நெருங்கும்போது “முழுப் பங்கேற்பாளர் பட்டியல் விற்பனைக்கு” என்று மின்னஞ்சல்கள் வருவதுண்டு. இவற்றை அனுப்புவோர் பெரும்பாலும் அமைப்பாளர்களே அல்லர். பட்டியலும் பழையதாகவோ புனைந்ததாகவோ இருக்கும். மாநாட்டின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணில் அமைப்பாளரை அழைத்து விசாரிக்காமல் ஒரு ரூபாயும் செலுத்த வேண்டாம்.

அமைப்பாளர் மறுத்துவிட்டால், கொள்முதல் குறித்த அமர்வுக்குச் சென்று, கேள்வி நேரத்தில் எழுந்து, தம் பெயரையும் ஊரையும் சொல்லி, உலர் வெங்காயத்தின் ஈரப்பத அளவைப் பற்றி அவர் ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். அவரைத் தேட வேண்டியவர்கள் அந்த அரங்கிலேயே அமர்ந்திருப்பார்கள்.