பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்



நான் லீவில் கல்முனைக்குப் போகிறேன் என்றால், "டீச்சர், வரும்போது ஒரு பவர் பேங்க் வாங்கிட்டு வாங்க" என்று லயத்தில் இரண்டு பேராவது காசு தந்துவிடுகிறார்கள். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்கள். 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதுமே கரண்ட் போனது. அதனால் இதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொழுந்து பறித்த காசு வெறும் எண்ணுக்குப் போகக்கூடாது.

பெட்டியில் 10000 என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் பெட்டரியின் அளவு. அந்தப் பெட்டரி 3.7 வோல்ட்; போனுக்குப் போவது 5 வோல்ட். அப்படி உயர்த்தும்போது எண் குறையும், கொஞ்சம் சூடாகவும் வீணாகும். உண்மையில் கிடைப்பதை 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 6000 அளவில் இருந்தால் நியாயமான சாமான். 5000 பெட்டரி உள்ள போனை அதனால் ஒரு தடவை முழுதாகவும், இன்னொரு தடவை பாதி வரையும் ஏற்றலாம். அந்த வரியே இல்லாத பவர் பேங்க் எனக்கு வேண்டாம். கையில் தூக்கியும் பாருங்கள். நல்ல 10000 சாமான் 200 கிராம் அளவில் இருக்கும். அதே பாரத்தில் 30000 என்று ஒருவர் விற்றால் அது பொய்.

அடுத்து, அது எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று பாருங்கள். கரண்ட் துண்டு துண்டாக வரும் நாட்களில் இதுதான் முக்கியம். 'இன்புட்' என்ற இடத்தில் 5 வோல்ட் 2 அம்பியர் மட்டும் இருந்தால் 10000 நிரம்ப ஐந்து மணித்தியாலம் போகும், 20000க்குப் பத்து. இடையில் கரண்ட் நின்றால் பெரியது பாதியில்தான் கிடக்கும். 18 வொட் இன்புட் இருந்தால் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகும். சார்ஜரும் 18 வொட் தரவேண்டும். பழைய சார்ஜரில் குத்தினால் பழைய வேகம்தான். ஒரு லய வீட்டுக்கு 18 வொட் உள்ள 10000 போதும் என்பது என் கருத்து.

போன் வாங்குகிறவர்கள் 5000க்குக் குறைந்த பெட்டரி எடுக்காதீர்கள். ரிவர்ஸ் சார்ஜிங் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதாவது, உங்கள் போனிலிருந்து வயர் போட்டு இன்னொரு போனை ஏற்றுவது. பெரிய போனிலிருந்து பெரிய போனுக்கு ஏற்றுவது வீண்வேலை; மெதுவாக ஏறும், உங்களுடையதும் இறங்கிவிடும். ஆனால் வீட்டில் பெரியவர்களிடம் இருக்கும் பட்டன் போனின் பெட்டரி 1000 அளவுதான். உங்கள் போனில் கால்வாசி கொடுத்தால் அது நிரம்பிவிடும், அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். வயரில்லாமல் முதுகோடு முதுகு வைத்து ஏற்றும் வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம். அதில் நிறைய சூடாகவே போய்விடும். பட்டன் போன் அதை வாங்கவும் வாங்காது.

கடையிலேயே ஒரு பட்டன் போனைக் கொழுவிப் பாருங்கள். சார்ஜ் அடையாளம் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.