முத்திரை இருந்தால் போதுமா?

கேஸ் ஏஜென்சிக்கு எழுதும் புகார்களில் பெரும்பாலானவை கோபத்தில் தொடங்கி கோபத்திலேயே முடிகின்றன. ‘எப்போதும் தாமதம், எடையும் குறைவு’ என்ற வரிக்கு ஏஜென்சி பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் வேறு வேறு குற்றங்கள், சாட்சியும் வேறு. தாமதத்துக்குச் சாட்சி கைப்பேசியிலேயே இருக்கிறது: பதிவு செய்த தேதி, குறிப்பு எண், டெலிவரியான தேதி. கடைசி மூன்று பதிவுகளை வரிசையாக எழுதினால், ‘பிளாண்டிலிருந்தே லோடு வரவில்லை’ என்ற சமாதானம் எடுபடாது. ஒருமுறை லோடு வராமல் போகலாம், ஒவ்வொரு முறையுமா? அதோடு, பின்னால் பதிந்தவருக்கு முன்னால் போயிருக்கிறதா என்பதையும் அந்த எண்களை வைத்துக் கேட்கலாம்.

எடைக்குறைவு அப்படியல்ல; சிலிண்டரை அடுப்பில் மாட்டிவிட்டால் சாட்சி கரைந்துவிடும். கைப்பிடித் தகட்டில் காலி எடை பொறித்திருக்கும். அது 15.3 கிலோ என்றால், 14.2 கிலோ எரிவாயுவுடன் தராசு 29.5 காட்ட வேண்டும். 28.4 காட்டினால் 1.1 கிலோ இல்லை. முத்திரை உடையவில்லையே என்பார்கள். முத்திரை எடையைச் சொல்லாது. மாடிப்படி ஏறிவரும் ஊழியரைத் தராசு கேட்டு நிறுத்துவது கொடுமையல்லவா என்றால், தராசு கொடுத்தனுப்ப வேண்டியது ஏஜென்சியின் கடமை, கேட்பது நுகர்வோரின் உரிமை. எடை பார்த்த பிறகே டெலிவரிக் குறியீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். தராசுப் படத்தோடு எடைப்புகார் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கும், தாமதப்புகார் எண்ணெய் நிறுவனத்துக்கும் தனித்தனியே போகட்டும்.