பலெர்மோவின் தொத்தொரேஸ்ஸாவும் யாழ்ப்பாணத்தின் வைத்திய கலாநிதியும்



திருமண அழைப்பிதழ்களைப் பற்றி ஒரு பங்குத் தந்தை இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். அச்சுக்குப் போகுமுன் அழைப்பிதழின் படியை என்னிடம் காட்டித் "திருப்பலி நேரம் சரியா, ஃபாதர்?" என்று கேட்பது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். நேரத்தைப் பார்க்கும் கண் பெயர்களையும் பார்த்துவிடுகிறது. அண்மைக் காலமாகப் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் பட்டங்களைப் பார்க்கையில், நேரம் பிழையாக இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், பெயர் எதுவும் வேண்டாம். இந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை ஒருத்தி பல்கலைக்கழகத்தில் தாதியியல் படித்து முடித்தாள். மூன்றாண்டுப் படிப்பு. பட்டமளிப்பு நாளில் தலையில் லோரல் இலை மாலை சூட்டி, தோழியர் எல்லாரும் அவளைத் "தொத்தொரேஸ்ஸா" என்று கூவி அழைத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. திருமணம் நிச்சயமானபோது இத்தாலிய மொழியிலும் தமிழிலும் அழைப்பிதழ் அடித்தார்கள். இத்தாலியப் பக்கத்தில் அவள் பெயருக்கு முன் தொத்தொரேஸ்ஸா என்பதன் சுருக்கம் இருந்தது. தமிழ்ப் பக்கத்தை எழுதிய உறவினர் அதைப் பார்த்து, மறுசிந்தனை எதுவுமின்றி, "வைத்திய கலாநிதி" என்று போட்டுவிட்டார். 400 அட்டைகள். எனக்குக் காட்டப்பட்டபோது ஏறத்தாழ 60 அட்டைகள் கடல் கடந்து போய்விட்டிருந்தன. கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா தொலைபேசியில் அழைத்து, "பிள்ளை எந்தத் துறையில் விசேட வைத்தியராக வரப்போகிறா?" என்று அன்போடு விசாரித்திருக்கிறார். அன்றிரவு பணி முடிந்து என்னிடம் வந்த அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது: "சுவாமி, நான் தாதி என்றுதானே எல்லாருக்கும் சொன்னேன். இப்போது பொய் சொன்னவள் நானா?"

இதைப் பற்றிப் பேசியபோது நம் பெரியவர்கள் சிலர் சொன்ன மறுமொழிதான் என்னை எழுத வைத்தது. "இத்தாலிக்காரன் சட்டமே அவளைத் தொத்தொரேஸ்ஸா என்கிறது. அதைத்தானே தமிழில் போட்டோம்?" என்றார்கள். கேட்பதற்கு நியாயம் போல இருக்கிறது. ஆனால் முழுவதும் பிழை.

இத்தாலியச் சட்டம் என்ன சொல்கிறது? 2004ஆம் ஆண்டின் 270ஆம் இலக்க அமைச்சர் ஆணையின்படி மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர் "தொத்தோரெ". அதற்கு மேல் இரண்டாண்டு படித்தவரோ, மருத்துவம் போன்ற நீண்ட ஒற்றைப் படிப்பை முடித்தவரோ "தொத்தோரெ மஜிஸ்த்ராலே". ஆய்வு செய்து முடித்தவர் "தொத்தோரெ தி ரிச்செர்க்கா". பேச்சு வழக்கில் மூவரும் தொத்தோரெ. ஆகவே அந்தச் சொல்லுக்கு இந்த நாட்டில் உள்ள பொருள் "பட்டதாரி", அவ்வளவுதான். வரலாறு படித்தவரும் தொத்தோரெ, கணக்கியல் படித்தவரும் தொத்தோரெ, தாதியியல் படித்தவரும் தொத்தோரெ. தெருவில் அது இன்னும் மலிவு. பலெர்மோவில் காரை நிறுத்த இடம் காட்டுகிற மனிதர், சற்று நல்ல சட்டை அணிந்து இறங்கும் எவரையும் தொத்தோரெ என்றுதான் அழைப்பார். என்னையும் அழைத்திருக்கிறார். நான் அதை அட்டையில் அச்சிட்டுக்கொள்ளவில்லை.

நம் மொழியில் அப்படியொரு பொதுச் சொல் இல்லை. இலங்கைத் தமிழில் "கலாநிதி" என்றால் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அதே நிலையைத் தமிழ்நாட்டில் "முனைவர்" என்கிறார்கள். "வைத்திய கலாநிதி" என்றால் நோயாளிக்கு மருந்து எழுதும் உரிமையுள்ள மருத்துவர். ஒரு சொல்லை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது நாம் கொண்டுபோக வேண்டியது அதன் ஓசையை அன்று. எந்தப் படிப்பை, எந்தப் பொறுப்பை அது உறுதிசெய்கிறதோ அதை. அந்தப் பிள்ளையின் தொத்தொரேஸ்ஸா தமிழில் "தாதியியல் பட்டதாரி" ஆகும். தொழிலால் அவள் "தாதிய உத்தியோகத்தர்". இவற்றில் எது அட்டையில் இருந்திருந்தாலும் அவள் தலை நிமிர்ந்து நின்றிருப்பாள். இத்தாலியப் பக்கத்தில் இருந்த சுருக்கமும் சரிதான். அதை எவரும் தவறாக வாசிக்கமாட்டார்கள். ஒரே அட்டையின் ஒரு பக்கம் உண்மையாகவும் மறுபக்கம் பொய்யாகவும் இருந்தது. இதுதான் இரு மொழியில் வாழும் நமக்கு வரும் தனிச் சோதனை.

எங்கே பிழை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அட்டையை வாசிக்கும் ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பட்டத்தை நம்பி என்ன கேள்வி கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள். "வைத்திய கலாநிதி" என்றால் எந்த மருத்துவமனையில் நோயாளி பார்க்கிறார் என்று கேட்பார். "கலாநிதி" என்றால் எதில் ஆய்வு செய்தார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உரியவர் வெட்கமின்றிப் பதில் சொல்ல முடியுமானால் பட்டம் சரி.

பேராசிரியர் விடயத்திலும் இதே விபத்து நடக்கிறது. இந்த நாட்டில் நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் கற்பிக்கும் ஆசிரியரை மாணவர்கள் "ப்ரொஃபெஸ்ஸோரெ" என்று அழைக்கிறார்கள். நம் பிள்ளை ஒருவர் அப்படி ஆசிரியராக இருந்தால் நமக்குப் பெருமை. ஆனால் தமிழில் அவர் ஆசிரியர்தான். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் என்று பல ஆண்டுகள் உழைத்து, ஆய்வுகளை மதிப்பீட்டுக்குக் கொடுத்துப் பெறும் பதவி பேராசிரியர். தமிழ்நாட்டில் கல்லூரியில் கற்பிக்கும் எல்லாரையும் பேராசிரியர் என்று மரியாதைக்கு அழைப்பார்கள். அங்கே உதவிப் பேராசிரியர் என்றொரு பதவியே இருப்பதால் அந்தப் பழக்கத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. சம்பந்தி வீடுகளில் ஒன்று மதுரை, மற்றது யாழ்ப்பாணம் என்றால் ஒரே சொல் இரண்டு வீட்டிலும் இரண்டு பொருள் தரும். அப்போது பதவியை முழுமையாக, அவர் பணியாற்றிய நிறுவனத்தின் கடிதத்தில் இருக்கிறபடியே எழுதுங்கள். சண்டை வராது.

ஓய்வுபெற்றவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அதிகமான மனவருத்தம் இங்கேதான். முன்பு "இளைப்பாறிய" என்று எழுதினோம். இப்போது "ஓய்வுநிலை" என்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் ஓய்வு பெறுவது பதவியிலிருந்துதான், படிப்பிலிருந்து அன்று. "ஓய்வுநிலைக் கலாநிதி" என்று ஓர் அட்டையில் கண்டேன். அந்தப் பெரியவர் தாம் எழுதிய ஆய்வை மறந்துவிட்டாரா என்று கேட்கத் தோன்றியது. பேராசிரியர் பதவி என்பதால் "ஓய்வுநிலைப் பேராசிரியர்" சரி. "தகைசார் பேராசிரியர்" என்பது வேறு. அதைப் பல்கலைக்கழகம் தீர்மானித்து வழங்க வேண்டும், பேரப்பிள்ளையின் திருமணத்துக்காகக் குடும்பம் வழங்க முடியாது. படை அதிகாரிகளின் நிலை இன்னொரு விதம். இந்தியப் படையில் பணியாற்றியவர்கள் சொல்வார்கள்: தரம் ஓய்வு பெறுவதில்லை, மனிதர்தான் ஓய்வு பெறுகிறார். ஆகவே முதலில் கர்னல் என்ற தரம், பின்பு பெயர், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் "ஓய்வு". "ஓய்வுபெற்ற கர்னல்" என்று தொடங்குவதை அவர்கள் விரும்புவதில்லை.

"அதிபர்" என்ற சொல்லில் இருக்கும் கண்ணியை நம்மவர் மட்டுமே அறிவார்கள். இலங்கையில் பாடசாலைத் தலைவர் அதிபர். தபாலகத் தலைவர் தபாலதிபர். நிலையத் தலைவர் புகையிரத நிலைய அதிபர். மாவட்டத்தையே ஆண்டவர் அரசாங்க அதிபர். முன்சொல்லை வெட்டி "ஓய்வுநிலை அதிபர்" என்று மட்டும் போட்டால் வாசிப்பவர் பாடசாலை அதிபர் என்றே எடுத்துக்கொள்வார். இடமில்லை என்பார்கள். இடம் இருக்கிறது, பூக்களின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் போதும். "அரச அதிகாரி" என்று மூடிமறைத்து எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. கிராம சேவையாளராக 30 ஆண்டுகள் சைக்கிளில் அலைந்து, இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நிவாரண அட்டை எழுதிக்கொடுத்த ஒருவரை ஏன் மங்கலான சொல்லுக்குள் ஒளிக்க வேண்டும்?

இந்த இடத்தில் எதிர்த்தரப்புக்கு நான் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். இந்த நகரத்துக்கு வந்து பிறர் வீட்டு மாடிப்படிகளைத் துடைத்தும், முதியோரைக் கவனித்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தந்தையர் பலர் ஊரில் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள். அவர்கள் இழந்த பெயர் திரும்ப அச்சில் வரும் ஒரே இடம் பிள்ளையின் திருமண அழைப்பிதழ். "பட்டமே வேண்டாம், எல்லாரும் சமம்" என்று சொல்லும் இளைஞர்களோடு நான் ஆகவே உடன்படவில்லை. "முன்னாள் ஆசிரியர்" என்று அந்தத் தந்தை போட்டுக்கொள்ளட்டும். அவர் அப்படித்தான் இருந்தார். ஓய்வூதியம் பெறாமல் இடையில் விட்டு வந்தவருக்கு "ஓய்வுநிலை" பொருந்தாது, "முன்னாள்" பொருந்தும். இந்த ஒரு சொல்லைச் சரியாக இடுவதால் அவர் மதிப்பு குறையாது.

தாய்மாரை மறக்கும் வழக்கத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். "திரு. திருமதி இன்னார் தம்பதிகள்" என்று எழுதும்போது தாய் மருத்துவராக இருந்தாலும் கணவர் பெயருக்குள் கரைந்துவிடுகிறார். மூன்றாண்டுப் பட்டம் பெற்ற மகளுக்கு இல்லாத கலாநிதியைக் கொடுத்த அதே கை, தாய்க்கு உள்ள பட்டத்தை எடுத்துவிடுகிறது. இருவர் பெயரையும் தனித்தனியே எழுதுங்கள், அவரவர் பட்டத்தோடு.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். தமிழ்ப் பக்கத்தை மீண்டும் அச்சிடச் சொன்னேன். செலவைப் பற்றி முணுமுணுத்தார்கள். எஞ்சியிருந்த 340 அட்டைகளில் தமிழ்த் தாளை மட்டும் மாற்றி ஒட்டினார்கள். ஏற்கெனவே போன 60க்கும் அட்டையால் மருந்தில்லை. தந்தையே தொலைபேசியை எடுத்து மாப்பிள்ளையின் தந்தையிடமும் பெரியப்பாவிடமும், "அட்டையில் எழுதியது எங்கள் தவறு, பிள்ளை தாதி" என்று சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பின்பு பெரியப்பா, தம் மனைவி கொழும்பில் 22 ஆண்டுகள் தாதியாக இருந்தவர் என்றும், அவருடைய பெயருக்கு முன்னால் குடும்பத்தில் எவரும் எதுவும் எழுதியதில்லை என்றும் சொன்னாராம்.

திருமணத்தன்று அந்த அம்மையார் முதல் வரிசையில் இருந்தார். புது அட்டை ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தார்.